29 கட்டங்களும் காணாமல் போன ஒரு ஏக்கரும்

போன மாதம் எங்க ஊர் வாட்ஸப் குழுவில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று சுற்றியது. எழுதியவர் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி. குறிப்பு சொன்னது இதுதான்: அ பதிவேட்டில் நம்ம குளம் 1.62 ஹெக்டேர், அதாவது 4 ஏக்கர். செயற்கைக்கோள் படத்தில் கட்டம் போட்டு எண்ணினால் 2.87 ஏக்கர்தான் வருது. ஆக 1.13 ஏக்கரைக் காணோம். கடைசி வரி கிழக்குக் கரையில் இருக்கிற வீடுகளைக் கை காட்டியது.

அந்த வரிக்குப் பிறகு குழுவில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறவர்களிடம் "எந்த ஏக்கர்டா நீங்க தின்னது" என்று கேட்கிற அளவுக்குப் போயிடுச்சு. அதனால் குறிப்பை உட்கார்ந்து முழுசாகச் சரிபார்ப்பது என்று முடிவு பண்ணினேன். தம்பியைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. கையில் இருந்த தாளையும் ரூலரையும் வைத்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், செய்முறையையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அப்படி எழுதியதால்தான் என்னால் ஒவ்வொரு படியாகத் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது.

அவர் செய்தது இவ்வளவுதான். கூகுள் எர்த்தில் குளத்தை மேலிருந்து நேராகப் பார்க்கிற மாதிரி வைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட். படத்தின் கீழ் மூலையில் 50 மீட்டர் என்று காட்டுகிற ஸ்கேல் பட்டை. அதை வேர்ட் கோப்பில் ஒட்டி, ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, மேலே 1 சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்திருக்கிறார். பிரிண்ட்டில் பட்டையின் நீளம் 2.5 செ.மீ. ஆக 1 செ.மீ. என்பது 20 மீட்டர். ஒரு கட்டம் 20 × 20 = 400 சதுர மீட்டர். தண்ணீர் இருக்கிற இடத்தில் எண்ணிய கட்டங்கள் 29. பெருக்கினால் 11,600 சதுர மீட்டர், 2.87 ஏக்கர். பெருக்கலில் தப்பே இல்லை.

"அண்ணே, ரெண்டு தடவை எண்ணினேன். ரெண்டு தடவையும் 29 தான்" என்றார்.

எண்ணினது சரிதான் தம்பி. எதை எண்ணினோம், ஒரு கட்டத்துக்கு எவ்வளவு என்று எடுத்துக்கொண்டோம், அங்கேதான் பிரச்சினை.

தண்ணீர்த் தொட்டி ஏன் முட்டை மாதிரி இருக்குது?

பிரிண்ட்டைப் பார்த்ததும் எனக்கு உறுத்தினது குளம் இல்லை, குளத்துக்குத் தெற்கே இருக்கிற மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. நேரில் அது நல்ல வட்டம். படத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்த மாதிரி, முட்டை வாக்கில் இருந்தது. கோப்பை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். படத்தின் அளவுப் பகுதியில் Height 100%, Width 110% என்று இருந்தது. பக்கத்தை நிரப்புவதற்காகப் படத்தின் ஓரப் பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறார். மூலைப் பிடியை இழுத்தால் நீளமும் அகலமும் சேர்ந்து வளரும். ஓரப் பிடியை இழுத்தால் ஒரு பக்கம் மட்டும்தான் வளரும்.

படத்தோடு சேர்ந்து ஸ்கேல் பட்டையும் பெரிதாகும், சிறிதாகும். அதனால் பிரிண்ட் எந்த அளவில் எடுத்தாலும் பட்டை பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம். படம் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் அந்த நம்பிக்கை சரி. ஆனால் பட்டை படுத்துக் கிடக்கிற கோடு. கிழக்கு மேற்கில் எவ்வளவு தூரம் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. இந்தப் பிரிண்ட்டில் படுக்கை வாக்கில் 1 செ.மீ. என்பது 20 மீட்டர், அது உண்மை. நெட்டு வாக்கில் படம் இழுபடவே இல்லை. அந்தப் பக்கம் 1 செ.மீ. என்பது 22 மீட்டர். ஆக ஒரு கட்டம் 400 இல்லை; 20 × 22 = 440 சதுர மீட்டர்.

அதே 29 கட்டங்களை 440-ஆல் பெருக்கினால் 12,760 சதுர மீட்டர், 3.15 ஏக்கர். காணாமல் போன நிலத்தில் 1,160 சதுர மீட்டர், ஏறக்குறைய 29 சென்ட், மவுஸை இழுத்ததில் போனது. யாரும் மண் கொட்டவில்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கோப்பு கையில் இருக்கணும் என்று கட்டாயம் இல்லை. படத்தில் நிச்சயமாக வட்டமாகவோ சதுரமாகவோ இருக்க வேண்டிய ஒரு பொருளைத் தேடினால் போதும். சந்தேகம் வந்தால் வடக்கு தெற்காக ஓடுகிற ஒரு சுவரையோ சாலைத் துண்டையோ டேப் வைத்து நேரில் அளந்து, படத்தில் அதே துண்டு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்தால் நெட்டு வாக்கு ஸ்கேல் தனியாகக் கிடைத்துவிடும்.

பாதிக்குக் கீழே இருந்தால் விட்டுடு

அடுத்தது எண்ணுகிற விதி. நாம எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். முழுக் கட்டம் என்றால் ஒன்று. பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் அதுவும் ஒன்று. சரிபாதி என்றால் அரை. பாதிக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். கூட்டி எண்ணுவதும் விட்டுவிடுவதும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொள்ளும் என்பது அதன் நியாயம்.

இலை மாதிரி, வளைவாக ஓரம் உள்ள உருவத்துக்கு இது பெரும்பாலும் பலிக்கும். ஓரக் கோடு சில கட்டங்களில் பாதிக்கு மேலும் சில கட்டங்களில் பாதிக்குக் கீழேயும் வெட்டிக்கொண்டு போகும். கூடுதலும் குறைவும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். ஆனால் உருவத்தில் ஒல்லியான பகுதி ஒன்று இருந்தால் இந்த நியாயம் உடைஞ்சு போயிடும். ஏன் என்றால், அந்தப் பகுதி எந்தக் கட்டத்திலும் பாதியைத் தொடவே தொடாது. குறைவு மட்டும்தான் வரும், அதைச் சரிக்கட்டக் கூடுதல் எங்கேயும் இருக்காது.

எங்க குளத்துக்குத் தென்மேற்கு மூலையில் வாய்க்கால் வந்து சேருகிற ஒரு வால் இருக்குது. சுமார் 8 மீட்டர் அகலம், 70 மீட்டர் நீளம், கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பரப்பு 560 சதுர மீட்டர். தம்பியின் கட்டம் நெட்டு வாக்கில் 22 மீட்டர். 22-இல் 8 பாதி இல்லை. ஆக வால் முழுசும் பூஜ்யம்! குறிப்பில் இருக்கிற படத்தைப் பாருங்கள், வாலில் ஒரு கட்டத்தில்கூட டிக் இல்லை. விதிப்படி அவர் செய்தது சரி. விதிதான் அந்த வாலைக் குளத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டது.

"அப்ப கட்டத்தைச் சின்னதாக்கினால் சரியாயிடுமே?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அரை சென்டிமீட்டர் கட்டம் போட்டேன். இப்போது ஒரு கட்டம் 10 × 11 மீட்டர். வால் ஒரே வரிசைக் கட்டங்களுக்குள் விழுந்தது. 11-இல் 8 என்பது பாதிக்கு மேல். ஆக ஏழு கட்டங்களும் முழுசாக எண்ணிக்கைக்கு வந்தன: 7 × 110 = 770 சதுர மீட்டர். பெரிய கட்டத்தில் பூஜ்யமாக இருந்த வால் சின்னக் கட்டத்தில் 770 ஆகிவிட்டது. உண்மை இரண்டுக்கும் நடுவில் 560-இல் இருக்கிறது. கட்டத்தை இன்னும் இன்னும் பொடியாக்கினால் ஒரு கட்டத்தில் சரியாகும்தான். ஆனால் ஐந்நூறு கட்டம் எண்ணுவதற்குள் கண் பூத்துவிடும்.

இதுக்கு எளிய மாற்று ஒன்று உண்டு. கட்டத்தை எண்ணாமல் புள்ளியை எண்ணுவது. ஒரு டிரான்ஸ்பரன்ட் தாளில் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் அச்சடித்துக்கொண்டேன். அதைப் படத்தின் மேல் பார்க்காமல் போட்டு, தண்ணீரில் விழுந்த புள்ளிகளை மட்டும் எண்ணினேன். ஓரக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிற புள்ளிக்கு அரை. "இது பாதிக்கு மேலா, கீழா" என்கிற யோசனைக்கே இங்கே இடம் இல்லை. புள்ளி உள்ளே இருக்குதா, வெளியே இருக்குதா, அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியும் 110 சதுர மீட்டருக்குப் பிரதிநிதி. ஒல்லியான வாலிலும் அதன் பரப்புக்கு ஏற்ற பங்கு புள்ளிகள் சராசரியாக விழுந்தே தீரும்.

ஒன்று மட்டும் கவனிக்கணும். புள்ளி வரிசையும் வாலும் ஒரே திசையில் இருந்தால் ஒரு தடவை ஏழு புள்ளியும் சேர்ந்து உள்ளே விழும், அடுத்த தடவை ஒன்றுகூட விழாது. அதனால் தாளைக் கொஞ்சம் சாய்த்துப் போடணும். சாய்த்தாலும் ஒரு புள்ளிக்கு 110 என்பது மாறாது. தாளில் ஒரு புள்ளிக்கு உரிய இடம் எப்படித் திருப்பினாலும் கால் சதுர செ.மீ. தானே.

தாளை எடுத்து எடுத்து ஐந்து தடவை போட்டேன். 119, 123, 120, 122, 121. சராசரி 121. அதாவது 13,310 சதுர மீட்டர், 3.29 ஏக்கர். தம்பி இரண்டு தடவை எண்ணி இரண்டு தடவையும் 29 வந்தது என்றாரே, அது அவருடைய கவனத்துக்குச் சான்று. ஆனால் கட்டம் அசையாமல் இருக்கும்போது விடையும் அசையாது. தாளை நகர்த்தி எண்ணும்போது வருகிற இந்த நாலு புள்ளி வித்தியாசம்தான் நம் எண்ணிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்கிறது. கூட்டிக் குறைத்தால் இரண்டு புள்ளி, ஒன்றரை சதவீதம் சொச்சம். மோசமில்லை.

குளம் என்றால் எது வரைக்கும்?

ஸ்கேலும் எண்ணிக்கையும் சரியான பிறகும் 4 ஏக்கருக்கும் 3.29 ஏக்கருக்கும் நடுவில் 71 சென்ட் நிற்கிறது. இனிமேல் வருவது கணக்கு இல்லை, வார்த்தை.

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சொல்வது வழக்கம். ஒரு வேலி என்பது 20 மா, ஒரு மா என்பது 100 குழி. 12 அடிக்கு 12 அடி என்று குழியை எடுத்துக்கொண்டால் ஐந்து வேலி ஏறக்குறைய 33 ஏக்கர். கமலாலயத்தை யாராவது படத்தில் அளக்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஐந்து வேலி என்பது தண்ணீருக்கு மட்டுமா, படித்துறையையும் சுற்றுக் கரையையும் சேர்த்தா? இதை முடிவு செய்யாமல் அளந்தால் வருகிற வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது.

எங்க குளத்துக்கும் அதே கேள்விதான். அ பதிவேட்டில் இருக்கிற 1.62 ஹெக்டேர் ஒரு புல எண்ணின் பரப்பு. எல்லைக் கல்லுக்கு எல்லைக் கல் அளந்தது. கரை அதுக்குள்ளே அடங்கும். தம்பி எண்ணியதோ தண்ணீர் தெரிகிற இடத்தை மட்டும். அதுவும் எந்த மாதத்துத் தண்ணீர்? படத்தின் தேதி மார்ச். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள். வாய்க்காலில் வரத்து நின்று, குளம் இறங்க ஆரம்பித்திருக்கும் காலம். பெரிதாக்கிப் பார்த்தால் தண்ணீரைச் சுற்றி வெளிறின பழுப்பில் ஒரு பட்டை தெரிகிறது. அது காய்ந்த சேறு. ஐப்பசியில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும்.

தண்ணீரின் ஓரத்திலிருந்து கரையின் வெளிப்பக்க அடி வரைக்கும் உள்ள இந்த வளையத்தையும் அதே புள்ளித் தாளால் ஐந்து தடவை எண்ணினேன். சராசரி 21 புள்ளி, 2,310 சதுர மீட்டர். பார்க்க ஒல்லியான வளையம். சராசரியாக ஐந்து மீட்டர் அகலம்தான் இருக்கும். ஆனால் குளத்தைச் சுற்றி வரும்போது 57 சென்ட் ஆகிவிடுகிறது. எல்லாம் சேர்த்து 142 புள்ளி, 15,620 சதுர மீட்டர், 3.86 ஏக்கர்.

இந்தக் கடைசிப் படியில் என் மேலேயும் ஒரு விமர்சனம் வைக்கலாம். மேற்குக் கரையில் வரிசையாகப் பூவரசு நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரிகிறது, கரையின் அடி தெரியவில்லை. அந்தப் பக்கம் இரண்டு பக்கமும் தெரிகிற துண்டுகளைச் சேர்த்து ஊகமாகக் கோடு போட்டேன். அதில் இரண்டு மூன்று புள்ளி இப்படி அப்படி ஆகலாம்.

மிச்சம் 14 சென்ட்

1.13 ஏக்கரில் இப்போது மீதம் 580 சதுர மீட்டர், 14 சென்ட். இது ஆக்கிரமிப்பா?

இதற்கு விடை சொல்ல நம் அளவை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கணும். பிரிண்ட்டில் பட்டை 2.5 செ.மீ. சாதாரண ரூலரில் அரை மில்லிமீட்டர் தப்பு வருவது சகஜம். பட்டையின் முனை எங்கே முடிகிறது என்பதே மங்கலாக இருக்கும். 25 மில்லிமீட்டரில் அரை என்பது 2 சதவீதம். நீளத்தில் 2 சதவீதம் என்றால் பரப்பில் 4 சதவீதம். நெட்டு வாக்கு ஸ்கேலும் இதே பட்டையிலிருந்துதானே வந்தது. 15,620-இல் 4 சதவீதம் 625 சதுர மீட்டர், 15 சென்ட். நாம் தேடுகிறதோ 14 சென்ட். ரூலரின் அரை மில்லிமீட்டருக்குள்ளேயே அது ஒளிந்துகொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை. எண்ணிக்கையில் வருகிற தப்பைக் குறைக்க நாம் எவ்வளவோ பாடுபடுகிறோம், ஆனால் அதைவிடப் பெரிய தப்பு அந்தச் சின்னப் பட்டையில் இருக்கிறது. அதைக் குறைக்க வழி, பட்டையை விட்டுவிட்டு நீளமான ஒரு தூரத்தை நேரில் அளப்பது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் மாதிரி படத்தில் 10 செ.மீ. வருகிற ஒன்றாக இருந்தால் அதே அரை மில்லிமீட்டர் அரை சதவீதம்தான். பரப்பில் ஒரு சதவீதம்.

ஆகவே என் முடிவு இது. "ஒரு ஏக்கர் போச்சு" என்பது நிற்காது. ஆனால் "ஒண்ணுமே போகலை" என்றும் இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. 14 சென்ட் என்பது ஆறாயிரம் சதுர அடி. அதில் இரண்டு வீடு தாராளமாகக் கட்டலாம். குற்றம் சாட்டினவர்களுக்கு இந்த அளவு எப்படி உதவாதோ, அதே மாதிரி குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் உதவாது. குழுவில் என் கணக்கைப் போட்டதும் ஒருவர் "பாத்தீங்களா, நாங்க சுத்தம்னு அண்ணனே சொல்லிட்டாரு" என்று எழுதினார். நான் அப்படிச் சொல்லவில்லை.

குறிப்பின் பெரிய குறை அந்தக் கடைசி வரிதான். மொத்தப் பரப்பு ஒரே ஒரு எண். நிலம் குறைந்ததா என்று அது சொல்லலாம், எந்தப் பக்கம் குறைந்தது என்று சொல்லவே முடியாது. 29 கட்டங்களில் எந்தக் கட்டமும் கிழக்கைக் கை காட்டவில்லை. அதுக்கு எண்ணிக்கை உதவாது, ஓரத்தைத்தான் பார்க்கணும். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பார்க்கிற வசதி இருக்கிறது. கிழக்குக் கரையை வருடம் வருடமாகப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை. ஒரு தேதியின் படமும் இன்னொரு தேதியின் படமும் தரையில் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். மாறாத ஒரு கோயில் மூலையையோ கல்வெர்ட்டையோ இரண்டிலும் பார்த்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கழித்துக்கொள்ளணும்.

"கூகுள் எர்த்திலேயே பலகோணம் வரைந்தால் பரப்பு வந்துடுமே, எதுக்கு இந்தக் கட்டமும் புள்ளியும்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதில் இழுபட்ட படம் என்கிற பிரச்சினை இல்லை, அரைக் கட்டம் பிரச்சினையும் இல்லை. ஆனால் கோட்டைத் தண்ணீரின் ஓரத்தில் போடுவதா, கரையின் அடியில் போடுவதா என்பதை அது நமக்காக முடிவு செய்யாது. எங்க கதையில் போன 1.13 ஏக்கரில் பாதி, அந்த 57 சென்ட், அங்கேதான் இருந்தது. அதோடு, தாளில் போட்ட கட்டத்தைக் குழுவில் இருக்கிற யாரும் திரும்ப எண்ணிப் பார்க்கலாம். நான் எண்ணிப் பார்த்தது அப்படித்தானே.

தம்பியிடம் பேசினேன். கடைசி வரியை எடுத்துவிட்டு, 440-ஐயும் வாலையும் கரையையும் சேர்த்துத் திருத்தின குறிப்பைப் போட்டிருக்கிறார். 14 சென்ட் கேள்வியை அப்படியே கேள்வியாக விட்டிருக்கிறார். புல வரைபட நகல் கேட்டு மனுவும் எழுதியாச்சு. அதில் எல்லைக் கற்களுக்கு நடுவே உள்ள தூரங்கள் இருக்கும். சர்வேயர் வந்து கல்லைக் கண்டுபிடித்து அளந்தால்தான் இது தீரும். அதுவரைக்கும் கிழக்குக் கரைக்காரர்களிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் நல்லது.